பரிந்துரைக் கடிதத்தில் இ-ஸ்போர்ட்ஸ்: பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கல்லூரி விண்ணப்பங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆசிரியர்களிடம் மாணவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். பெற்றோர் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "பிள்ளை கேம் ஆடுவதையெல்லாம் கடிதத்தில் எழுதினால் கெட்ட பெயர் வராதா?" எழுதலாம். எப்படி எழுதுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் இ-ஸ்போர்ட்ஸ் அணித்தலைவிக்கு இயற்பியல் ஆசிரியர் எழுதிய கடிதத்தைப் பற்றி அவர்கள் இருவரின் சம்மதத்தோடு இங்கே சொல்கிறேன்.

அணி ஆடுவது வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு. பக்கத்துக்கு ஐந்து பேர். பொதுவாக 13 சுற்றுகளை முதலில் வெல்லும் அணிக்கு ஆட்டம். ஆசிரியரின் முதல் வரைவில் அந்த விளையாட்டில் அவளுடைய ரேங்க், வென்ற போட்டிகள், "சிறந்த தலைமைப் பண்பு கொண்டவர்" என்ற வரி எல்லாம் இருந்தன. அதை நான் திருப்பிக் கொடுத்தேன். விளையாட்டு உதவித்தொகைக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளருக்கு ரேங்க் தேவைப்படலாம். ஆனால் சேர்க்கைக் குழுவில் இருப்பவர் அந்த விளையாட்டைப் பார்த்தே இருக்க மாட்டார். சீசன் மாறினால் மாறிவிடும் ரேங்க் அவருக்கு எதையும் சொல்லாது. அதெல்லாம் விண்ணப்பத்தின் செயல்பாடுகள் பகுதியில் மாணவியே நிரப்ப வேண்டியது. ஆசிரியர் எழுத வேண்டியது, தான் கண்ணால் பார்த்ததை.

சரி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் நல்ல விஷயம் வெளியே வந்தது.

இந்த விளையாட்டில் ஆள் ஒவ்வொருவராக வீழ, வீழ்ந்தவர்கள் ஹெட்செட்டில் கத்திக்கொண்டே இருப்பார்கள். கடைசியாக உயிரோடு நிற்பவருக்கு எதிராளியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும். நால்வர் பேசினால் எங்கே கேட்கும்? இவள் ஒரு விதி வைத்தாள். வீழ்ந்தவர் எதிராளியை எங்கே பார்த்தார் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் விதியை மீறியது அவள்தான். மறுநாள் ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்க்கும்போது, மற்றவர்கள் தவறுக்குப் போவதற்கு முன், தன் குரல் வந்த இடத்தில் நிறுத்தி, "இதில் தோற்றது என்னால்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அறையில் ஆசிரியர் இருந்தார். இரண்டாம் வரைவில் இந்தச் சம்பவம் ஒரு முழுப் பத்தியாக வந்தது. விளையாட்டு தெரியாதவருக்கும் புரிகிறது, அவள் எப்படிப்பட்டவள் என்பதும் தெரிகிறது.

அடுத்த பத்தியில், ஆய்வகத்தில் அளவீடு பிசகினால் விடையைத் திருத்தாமல் பிழை எங்கே நுழைந்தது என்று அவள் தேடுவதை எழுதினார். இது முக்கியம். பல கல்லூரிகள் பாட ஆசிரியரின் கடிதத்தைத்தான் கேட்கும். அதில் வகுப்பறையே இல்லையென்றால் எடுபடாது. ஒரே பழக்கம் இரண்டு இடத்தில் தெரிந்ததால் கடிதம் ஒட்டுமொத்தமாக நின்றது. கிளப்பை நடத்துபவர் பாடம் எடுக்காதவர் என்றால், கூடுதல் கடிதத்துக்குக் கல்லூரி இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு குறையும் கடிதத்தில் இருக்கிறது: பயிற்சி ஆட்டம் ஏற்பாடு செய்வதிலிருந்து பதிவுகளைப் பிரித்து வைப்பது வரை எல்லாவற்றையும் தானே செய்ய நினைப்பாள், இந்த வருடம்தான் துணைத்தலைவனிடம் பாதியைக் கொடுத்தாள். அதை எடுத்துவிடலாமா என்று ஆசிரியர் தயங்கினார். வேண்டாம் என்றேன். புகழ்ச்சி மட்டுமே உள்ள கடிதங்களைக் கட்டுக்கட்டாகப் படிப்பவர்கள் அவர்கள். மொத்தம் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பாவது பிள்ளையே ஆசிரியரிடம் நேரில் போய்க் கேட்கட்டும். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எப்படி அனுப்ப வேண்டும், அந்த ஆசிரியர் நேரில் இருந்த இரண்டு மூன்று சம்பவங்கள் – இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நீங்களே கடிதத்தை எழுதிக் கொண்டுவந்து கையெழுத்து கேட்காதீர்கள். அது ஆசிரியருக்கும் சங்கடம், படிப்பவருக்கும் தெரிந்துவிடும். அப்புறம், எழுதியதைக் காட்டச் சொல்லியும் கேட்க வேண்டாம். மாணவர் பார்க்காத கடிதத்துக்கே மதிப்பு அதிகம் என்பதால் அது நேராகக் கல்லூரிக்குப் போகும்.

ஆசிரியர் "எனக்கு உன்னை அவ்வளவாகத் தெரியாது, வேறு யாரையாவது கேள்" என்றால் வருத்தப்படாமல் வேறொருவரிடம் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்