இரண்டு 160-க்கு நடுவே

அன்பு நண்பா,

கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்ததும் மனம் லேசாயிற்று. சொட்டு மருந்து போடுவதில் சோம்பேறித்தனம் காட்டாதே, உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். என் பக்கம் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. விடைத்தாள் திருத்தும் வேலை நேற்றுதான் முடிந்தது, கையில் இன்னும் சிவப்பு மை போகவில்லை.

இந்தத் தடவை எனக்கு வந்தது குறுக்குவெட்டுத் தோற்றம் வரையும் கேள்வி. நாம் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டை போட்டுத் திருத்திய அதே வகைதான். 1:50,000 அளவுள்ள சமஉயரக் கோட்டு வரைபடம், கோட்டுக்குக் கோடு உயர வித்தியாசம் 20 மீட்டர், A-யிலிருந்து B வரை 9 சென்டிமீட்டர். கிராஃப் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு 50 மீட்டர் உயரம் என்று வரையச் சொல்லியிருந்தார்கள்.

ஆரம்பத்திலேயே ஒரு கூத்து. நீ சொல்லிக்கொடுத்தபடி, சரியான விடையை ஒரு டிரேசிங் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடையின் மேலும் வைத்துப் பார்த்தேன். முதல் கட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் விடைகூடப் பொருந்தவில்லை. A பக்கம் சரியாக இருக்கிறது, B பக்கம் போகப் போக விலகி, கடைசியில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு பிள்ளை தப்பு செய்தால் ஏதோ ஓரிடத்தில் தாவும். இது எல்லோருக்கும் ஒரே மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. சந்தேகப்பட்டுத் தேர்வில் கொடுத்த கேள்வித்தாளையே வாங்கி அளந்தேன். A-B கோடு 87 மில்லிமீட்டர்தான் இருந்தது! அச்சில் சுருங்கிவிட்டது. நான் மூலப்படத்தை வைத்து டிரேசிங் தாள் தயார் செய்திருக்கிறேன். பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்தக் கட்டை முழுவதும் மறுபடி திருத்தினேன்.

அதற்குப் பிறகு டிரேசிங் தாளை இரண்டாவதாக வைத்துக்கொண்டேன். முதலில் எண் வரிசை. இந்தப் படத்தில் A, 120-க்கும் 140-க்கும் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து கோடுகள் 140, 160, 180, 200 என்று ஏறி, மறுபடி 200, பிறகு 180, 160 என்று இறங்கி, மறுபடி 160, பிறகு 180, 200, 220 என்று ஏறி B-யில் முடிகின்றன. இந்தப் பதினொரு எண்களும் விடையில் இதே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்க்க அரை நிமிடம் போதும். யாராவது உயர அளவை மாற்றி வரைந்திருந்தால் டிரேசிங் தாள் உதவாது, எண் வரிசை அப்போதும் உதவும்.

அந்த வரிசையில் ஒரே எண் அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிற இடம் இரண்டு இருக்கிறது பார். பிள்ளைகள் விழுவது முக்கியமாக அங்கேதான். கோட்டைத் தாண்டினாலே உயரம் கூட வேண்டும் என்று நினைக்கிறவன் இரண்டாவது 200-ஐ 220 என்று எழுதிவிடுகிறான். அப்புறம் 240, 260 என்று ஏறிக்கொண்டே போய் B-யை 340-க்கு மேலே கொண்டு நிறுத்துகிறான். பள்ளத்தாக்கே காணாமல் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்கத் திருத்துபவனே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாமல் நழுவுவது வேறொரு தப்பு. ஒரு பெண் ஏறும்போது 180 கோட்டைக் குறிக்க மறந்துவிட்டாள். அதனால் 200 கோட்டுக்கு 180 என்று எழுதி, அங்கிருந்து எல்லாமே 20 மீட்டர் தாழ்ந்துவிட்டன. குன்று, பள்ளம், மறுபடி ஏற்றம் எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. வடிவத்தை மட்டும் பார்த்தால் முழு மதிப்பெண் போட்டுவிடுவோம். B 220-க்குக் கீழே நின்றதால்தான் எனக்குப் பொறி தட்டியது. 200 கோடு படத்தில் தடித்த கோடு, எண்ணும் எழுதியிருக்கிறது. அவள் அதோடு ஒரு தடவை ஒப்பிட்டிருந்தால் தானே பிடித்திருப்பாள். ஒரு தப்புக்கு ஒரு தடவைதான் குறைக்க வேண்டும் என்பது நம் பழைய கொள்கை. அப்படியே செய்தேன்.

சரி, எண்கள் சரியாக இருந்தால் போதுமா? இரண்டு 200-க்கும் நடுவில் 9 மில்லிமீட்டர் இடைவெளி. பாதிப் பேர் அங்கே ஸ்கேலை வைத்து நேர்கோடு போட்டு, குன்றை மேஜையாக்கிவிட்டார்கள். நிலம் 200-க்கு மேலே போகாவிட்டால் இரண்டு கோடுகள் எதற்கு? அது 200-ஐத் தாண்டி வளைய வேண்டும், ஆனால் 220-ஐத் தொடக் கூடாது. தொட்டால் படத்தில் 220 கோடு ஒன்று இருந்திருக்கும். இங்கே விடைக்குறிப்போடும் எனக்குத் தகராறு. உச்சி 212 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். 212 என்ற புள்ளி படத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் அது A-B கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. தரையில் அது நூறு மீட்டர் தூரம். நம் வெட்டு உச்சியின் வழியாகப் போகவில்லை, அதன் தோளை வெட்டிக்கொண்டு போகிறது. 205 என்று வளைத்தவனும் சரி, 210 என்று வளைத்தவனும் சரி. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

பள்ளத்தாக்கு இதைவிட நுட்பமானது. இரண்டு 160-க்கும் நடுவில் 12 மில்லிமீட்டர். ஆறு இடது 160-லிருந்து மூன்றே மில்லிமீட்டரில் ஓடுகிறது. தண்ணீர் ஓடுகிற இடம்தானே பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடம்? ஆனால் பெரும்பாலானவர்கள் நடுவில் அழகாக ஒரு கிண்ணம் வரைந்து வைத்திருந்தார்கள். அப்படியானால் ஆறு கிண்ணத்தின் சரிவில் தொங்கிக்கொண்டு ஓடுகிறது! காகித விளிம்பை A-B மேல் வைத்துக் கோடுகளைக் குறிக்கும்போது ஆற்றையும் ஒரு குறியாகக் குறித்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள். அவர்கள் வரைந்ததில் இடது கரை செங்குத்தாகவும் வலது கரை சாய்வாகவும் இருந்தது, படத்தில் இருக்கிறபடியே.

இன்னொன்று. A-யிலும் B-யிலும் கோட்டைக் கீழே இழுத்து அடிக்கோட்டோடு முடித்துவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. கடலிலிருந்து ஒரு தீவு எழுந்த மாதிரி இருக்கிறது. A ஏறத்தாழ 130-இல் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். அடிக்கோட்டை 100 என்று எழுதித் தொடங்கினவர்களுக்கு நான் குறைக்கவில்லை, எழுதாமல் விட்டவர்களுக்குக் குறைத்தேன்.

ஒரு பையன் மட்டும் என்னைச் சிரிக்க வைத்தான். இடது சரிவின் மேல் பகுதியை ‘பாறைச் செங்குத்து’ என்று பெயரிட்டிருந்தான். கிராஃபில் அப்படித்தான் தெரியும். குறுக்கே ஒரு சென்டிமீட்டர் 500 மீட்டர், மேலே ஒரு சென்டிமீட்டர் 50 மீட்டர், ஆக உயரம் பத்து மடங்கு மிகையாகத் தெரிகிறது. 180-க்கும் 200-க்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர், அதாவது தரையில் 150 மீட்டர் நடந்தால் 20 மீட்டர் ஏறுகிறோம். மூச்சு வாங்கும், ஆனால் பாறை ஏற வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஒரு பிள்ளை ஆற்றைச் சரியான இடத்தில் வைத்து, வளைவையும் அருமையாகப் போட்டு, அடியை மட்டும் 140 வரை இறக்கிவிட்டாள். 140 கோடு அங்கே இல்லை. விதிப்படி உயரம் தப்பு. ஆனால் ஆற்றைக் கவனித்த சிலரில் அவளும் ஒருத்தி. வடிவத்துக்கு முழுசும் கொடுத்து உயரத்தில் அரை மதிப்பெண் குறைத்தேன், இன்னும் மனம் ஒப்பவில்லை. கண் தெளிந்ததும், நீயாக இருந்தால் என்ன போட்டிருப்பாய் என்று எழுது.

உன் பழைய மேஜைத் தோழன்