மச்சானுக்கு, இரவு 2 மணிக்கு

மச்சான்,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டுவாய். திட்டு, ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

அம்மாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கல்லடி வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம். போன வெள்ளி உடம்பு துடைக்கும்போது நாரிக்குக் கீழே, வால் எலும்பு முட்டும் இடத்தில் ரூபாய்க் குத்தி அளவில் ஒரு கருஞ்சிவப்பு. அம்மாவின் நிறத்துக்குச் சிவப்பாகவே தெரியவில்லை, அழுக்கென்று துடைத்தேன். போகவில்லை. சூடாகவும், சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கெட்டியாகவும் இருந்தது.

பக்கத்து ஒழுங்கை நர்ஸ் அக்காவைக் கூட்டி வந்தேன். அவ விரலால் அமத்தி எடுத்தா. நிறம் மாறவே இல்லை. "தோல் இன்னும் உடையல்ல, ஆனா உள்ள படுக்கைப் புண் தொடங்கிட்டு" என்றா. மறுகா எனக்குத்தான் ஏச்சு. டியூப்பில் வளையம் செய்து அடியில் வைத்திருந்தேன். அது சுற்றிவர அமத்தி நடுவில் இரத்தம் போகவிடாதாம். எண்ணெய் போட்டுத் தேய்த்ததும் பிழை. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, நாடகம் பார்க்கட்டும் என்று தலைப்பக்கத்தை உயர்த்தி இரண்டு மூன்று மணி நேரம் விட்டது. உடம்பு வழுக்கிக் கீழே போகும், தோல் சீற்றோடு ஒட்டி நிற்கும். உள்ளே சதை கிழிபடும்.

இப்போது முதுகில் படுக்கவே விடுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம். நேர்ப்பக்கமாகச் சரித்தால் இடுப்பெலும்பில் அடுத்த புண் வருமாம். அதனால் முப்பது பாகை சரிவு மட்டும். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னால் மடித்த தலையணை, வால் எலும்புக்குக் கீழே என் கை தாராளமாகப் போனால் சரி. கெண்டைக்கால்களுக்குக் கீழே இன்னொன்று, குதி எதிலும் முட்டக்கூடாது. இழுப்பதில்லை. குறுக்கே விரித்த சீற்றை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி மாற்றுகிறோம். சாப்பாட்டுக்கு மட்டும் நிமிர்த்தி, முடிந்து அரை மணி கழித்து இறக்கிவிடுவோம். உணர்வில்லாத வலப்பக்கம் வரும்போது தோள் அடியில் மாட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலித்தாலும் அம்மாவுக்குத் தெரியாது.

அலுமாரியில் தாள் ஒட்டியிருக்கிறது. முதல் இரவே உன் செல்லத் தம்பி 2 மணிக்கும் 4 மணிக்கும் சேர்த்து ஒரே பேனையால் சரி போட்டுவிட்டுக் குறட்டை. அவன் எப்போதும் அப்படித்தானே! இப்போது சரி போட்டால் காணாது. எந்தப் பக்கம், தோல் எப்படி என்று எழுத வேண்டும். நேற்று அமத்தியபோது அந்த இடம் வெளுத்து, பிறகு நிறம் திரும்பியது மச்சான். நான் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன், இதைத் தம்பிக்குச் சொல்லாதே.

மாமாவுக்கு வாங்கிய காற்று மெத்தை உங்கள் வீட்டில் கிடக்கிறதா? மோட்டார் ஓடுகிறதா என்று பார். அது வந்தாலும் பிரட்டத்தான் வேண்டுமாம், ஆனாலும் இரவில் கொஞ்சம் இடைவெளி விடலாம் என்றா அக்கா.

2 மணி ஆகிவிட்டது. வலப்பக்கம்.

உன்
மச்சான்