மூத்த குடிமக்கள் ரயில் சலுகை: மக்களவைப் பதிலில் இருப்பதும் இல்லாததும்

எல்லாருக்கும் வணக்கம். சலுகை திரும்ப வருமா என்று பலரும் கேட்பதால், 2022 ஜூலையில் ரயில்வே அமைச்சர் மக்களவையில் எழுத்துமூலம் தந்த பதிலைச் சுருக்கமாகப் போடுகிறேன்.

2020 மார்ச் 20இல் சலுகை நிறுத்தப்படும் வரை 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் கழிவு இருந்தது, அதுவும் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். அதாவது அடிப்படை 300 ரூபாய் என்றால் அப்பாவுக்கு 180, அம்மாவுக்கு 150, முன்பதிவுக் கட்டணம் தனி.

இந்தச் சலுகையால் ரயில்வே விட்டுக்கொடுத்த தொகை 2017-18இல் 1,491 கோடி, அடுத்த ஆண்டு 1,636 கோடி, 2019-20இல் 1,667 கோடி ரூபாய் என்கிறது பதில். முன்பதிவு வகுப்புகளில் மூத்த பயணிகள் 2019-20இல் 6.18 கோடி, 2020-21இல் 1.90 கோடி, 2021-22இல் 5.55 கோடி. வகுத்துப் பார்த்தால் 2019-20இல் ஒரு பயணத்துக்குச் சுமார் 270 ரூபாய்தான் வருகிறது!

சரி, எது இல்லை? தொகைக் கணக்கு 2019-20உடன் நின்றுவிடுகிறது, சலுகையை நிறுத்திய பிறகு பெரியவர்களிடம் கூடுதலாக எவ்வளவு வசூலானது என்பது அதில் வரவில்லை. சலுகைகளை விரிவாக்குவது விரும்பத்தக்கதல்ல என்று சொல்லியிருக்கிறார்கள், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகள், மாணவர்களுக்கு மட்டும் தொடர்கிறது, ஆனால் மறுபடி எப்போது பரிசீலிப்பார்கள் என்பதற்குத் தேதி கிடையாது. நம் தொகுதி எம்.பி.க்கு எழுதுபவர்கள் இந்த இரண்டையும் நேரடியாகக் கேளுங்கள்.