மான்செஸ்டர் போகும் மகளுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

பிரிட்டனில் டாக்டராக வேலை பார்க்க எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதிக்கு மார்ச் 10-ல் இடம் கிடைத்துவிட்டது என்று நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, "இதையும் சென்னையிலேயே வைக்கக் கூடாதா?" என்றுதான். முதல் பகுதி கொள்குறித் தேர்வு, சென்னையிலேயே எழுதிவிட்டாய். இரண்டாம் பகுதியை பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி. மான்செஸ்டரில் மட்டும்தான் நடத்துகிறது. நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும், அறைக்கு அறை பரிசோதகர் வேண்டும், எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். "அதுக்கு நம்ம பிள்ளைதான் கடல் தாண்டணுமா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாடத்தை நீ பார்த்துக்கொள்வாய். எனக்குத் தெரிந்தது காகிதம். பிப்ரவரியில் விசாவுக்குப் போடலாம் என்றாயே, அது வேண்டாம். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நீ மார்ச் 4 கிளம்பினால் டிசம்பர் 4-லிருந்து கணக்கு. கைரேகை கொடுத்த பிறகு முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம் என்கிறார்கள், கூடவும் ஆகலாம். டிசம்பர் இரண்டாம் வாரம் போட்டுவிட்டால், ஒருவேளை மறுத்தாலும் காரணத்தைப் படித்துச் சரிசெய்து மறுபடி போட நாள் இருக்கும். சுற்றுலா, தேர்வு மாதிரி குறுகிய பயண விசாவை மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. புதிதாகப் பணம் கட்டிப் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை விமான டிக்கெட்டைத் தொடாதே.

விசாவுக்குக் காட்ட அத்தை உன் கணக்கில் ஐந்து லட்சம் போட்டு வைக்கிறேன் என்றாளாம். நல்ல மனசு, ஆனால் வேண்டாம். முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், மாதம் ஐம்பத்தைந்தாயிரம் சம்பளம் விழுந்து செலவாகும் கணக்கில் திடீரென்று ஐந்து லட்சம் வந்து உட்கார்ந்தால், அது உன் பணம் இல்லை என்று பார்க்கிறவனுக்கு உடனே தெரியும். உன்னோடு படித்த பையனுக்கு மறுப்பு வந்தது இந்த மாதிரிப் பணத்தால்தான். செலவு என்னுடையது என்று நேராகவே சொல்லிவிடுவோம். நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். அதோடு என் ஓய்வூதியக் கணக்கின் ஆறு மாத அறிக்கை, பழைய வைப்புத்தொகை ரசீது, நீ என் மகள் என்பதற்கு உன் பிறப்புச் சான்றிதழ். உன் பக்கத்திலிருந்து ஜி.எம்.சி. அனுப்பிய தேர்வு உறுதிக் கடிதமும், மார்ச் 16 வேலைக்குத் திரும்புவாய் என்று ஆஸ்பத்திரி தரும் விடுப்புக் கடிதமும் போதும். திரும்பி வருவாய் என்று அவர்கள் நம்ப அந்த விடுப்புக் கடிதம் பெரிதாக உதவும். ஆறு மாதத்துக்குள் திரும்புவதால் காசநோய்ச் சான்றிதழ் தேவையில்லை, யாராவது கேட்கிறார்கள் என்று அலையாதே.

தேர்வுக்கு முந்தின நாள் போய் இறங்கினால் போதும், விடுதிச் செலவு மிச்சம் என்று நினைப்பாய். பெரியம்மா மகன் கண்ணன் அப்படிப் போனவன்தான். மார்ச்சில் மான்செஸ்டர் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே விடிகாலை நான்கு மணிக்கே உனக்கு முழிப்பு வந்துவிடும், சாயங்காலம் ஆறுக்கு நம்மூர் பதினொன்றரை, கண் சொருகும். உன் நேரம் மத்தியானம் விழுந்தால் கடைசிச் சில அறைகள் அந்தத் தூக்கத்தில்தான் போகும். பதினாறு அறை, கதவில் ஒட்டியிருப்பதைப் படிக்க ஒன்றரை நிமிடம், உள்ளே எட்டு நிமிடம். கண்ணன் கடைசி அறைகளில் நோயாளி சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டானாம். மொத்த மதிப்பெண் மட்டும் பார்த்துத் தேற்றிவிட மாட்டார்கள், குறைந்தபட்சம் இத்தனை அறைகளில் தேறியிருக்க வேண்டும் என்றும் உண்டு. அவன் விழுந்தது அதில். மறுபடி விமானம், மறுபடி கட்டணம். அதனால் நான்கைந்து நாள் முன்பே போய்த் தங்கு. அந்த வாடகையை நான் தருகிறேன், அதில் பிடிவாதம் பிடிக்காதே.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஜி.எம்.சி. கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா என்று இன்றைக்கே பார். உன் பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுசாக இருக்கிறது, கல்லூரிச் சான்றிதழில் வெறும் முதலெழுத்துத்தான். வித்தியாசம் இருந்தால் ஜி.எம்.சி.க்கு இப்போதே எழுது, மார்ச்சில் வாசலில் நின்று பேசும் விஷயம் இல்லை இது. விடுப்புக் கடிதத்தில் சேரும் தேதி, ஆஸ்பத்திரி முத்திரை, கையெழுத்துப் போட்டவரின் பதவி மூன்றும் இருக்கட்டும். வாங்கியதும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அப்பா
மதுரை