ஒன்பது வாரத்துக் கணக்கு

லெஸ்டர்,
நவம்பர் 2025

அன்புள்ள கயல்,

பதிலே போடவில்லை என்று நீ திட்டுவதற்கு முன்னால் நானே திட்டிக்கொண்டேன், விடு. நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது, பாதி தூளாக. குமரேசன் சாருக்கு மறுபடியும் இடமாற்றமாமே? பாவம் அந்த ஊர்.

எழுத வைத்தது சம்பளச் சங்கதி. நான் மாலையில் வேலை பார்க்கும் உணவகம் தெரியுமல்லவா? வாரம் நாலு ஷிஃப்ட், ஒவ்வொன்றும் நாலரை மணி நேரம், மொத்தம் 18 மணி. மணிக்கு 12.21 பவுண்ட், 21 வயது முதல் இங்கே சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே அதுதான். வாரா வாரம் மின்னஞ்சலில் பே ஸ்லிப் வரும்: 18 மணி, 219.78 பவுண்ட். நானும் அதைப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். போன வாரம் வாடகைக்குக் காசு போதாமல் வங்கிக் கணக்கைத் திறந்தால், வந்திருப்பது 195.36.

முதலில் வரியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இங்கே வாரத்துக்கு 242 பவுண்ட் வரை வருமான வரியும் கிடையாது, தேசியக் காப்பீடும் கிடையாது. ஸ்லிப்பிலும் இரண்டுமே பூஜ்யம். பென்ஷன் வேண்டாமென்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். கையில் வரவேண்டிய தொகை என்ற கட்டத்திலும் அதே 219.78தான். அப்புறம் 24.42 எங்கே போயிற்று?

உட்கார்ந்து எல்லா ஸ்லிப்பையும் வரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். இதில் ஒன்று கவனிக்க வேண்டும்: திங்கள் முதல் ஞாயிறு வரை செய்த வேலைக்கு அடுத்த வெள்ளிதான் பணம் வரும். வேலை செய்த வாரத்தை வைத்து ஒப்பிட்டால் எதுவும் எதோடும் பொருந்தாது, ஸ்லிப்பில் உள்ள பணம் தரும் தேதியை வைத்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். சேர்த்தால், ஒன்பது வாரமாக ஒவ்வொன்றிலும் அதே 24.42 குறைகிறது. அதை 12.21ஆல் வகுத்தேன். சரியாக இரண்டு மணி நேரம்! நாலு ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு அரை மணி. ஒன்பது வாரத்தையும் கூட்டினால் 219.78, என் முழு ஒரு வாரச் சம்பளம். உன்னைப் போலக் கணக்குப் புலி பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் பிடித்திருப்பாய்.

மேனேஜரிடம் வாயால் கேட்காமல் மின்னஞ்சல் போட்டேன். "பிரேக் நேரத்தைக் கழித்திருக்கிறோம்" என்று இரண்டு வரியில் பதில். எந்தப் பிரேக்? அந்த நாலரை மணியில் நின்று தண்ணீர் குடிப்பதே அதிசயம். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால்தான் இங்கே சட்டப்படி 20 நிமிட இடைவேளை. ஸ்லிப்பைத் தயாரிப்பது வெளியே இருக்கும் கணக்காளர், பணத்தை அனுப்புவது மேனேஜர் கையில். இரண்டு கைக்கும் நடுவில் இரண்டு மணி காணாமல் போகிறது. வரித் துறையின் செயலியில் என் பெயரைப் பார்த்தால் அங்கேயும் 219.78 கொடுத்ததாகவே இருக்கிறது. வாங்கியதை 18ஆல் வகுத்தால் மணிக்கு 10.85தான் வருகிறது, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே.

என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்கும் இதே கதைதான். ஆனால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிதான் வேலை, இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் கூட்டித்தான் எண்ணுவார்கள். அவள் வேறொரு கடையிலும் போய் அந்த வரம்பைத் தாண்டிவிட்டாள். அது மேனேஜருக்கும் தெரியும். எனக்கு 18தான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன், கயல். அவளிடம் "நீயும் எழுது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏகாஸ் என்று இங்கே தொழிலாளர்-முதலாளி தகராறுகளுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு, தொலைபேசியில் இலவசமாகப் பேசலாம். தீர்ப்பாயத்துக்குப் போவதானால் முதலில் அவர்களிடம் சமரசத்துக்குப் பதிய வேண்டும். கடைசியாகப் பணம் பிடித்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம். தொடர்ச்சியாகப் பிடித்திருப்பதால் பழைய வாரங்களையும் சேர்த்துக் கேட்கலாம். மேனேஜருக்கு அடுத்த வெள்ளி வரை நேரம் கொடுத்திருக்கிறேன். மீதிப் பணம் வராவிட்டால் சனிக்கிழமை பதிந்துவிடுவேன். என் ஷிஃப்டைக் குறைத்துப் பழிவாங்கலாம், அந்தப் பயம் இருக்கத்தான் செய்கிறது. யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்று போடும் ரோட்டாவை வாரா வாரம் படமெடுத்து வைக்கிறேன்.

கணக்குத் தாளை இத்துடன் அனுப்புகிறேன், தப்பிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடு, பழைய வழக்கம் போல. பரணியிடம் மூச்சு விடாதே. அவனிடம் சொன்னால் அன்று ராத்திரியே அம்மா காதுக்குப் போய்விடும், அப்புறம் "வேலையை விட்டுவிடு" என்று ஆரம்பித்துவிடுவார்.

உன் கல்யாணப் பேச்சு என்னவாயிற்று? அந்தச் சேலத்து வரனை அத்தை இன்னும் விடவில்லையா? முழுசாக எழுது.

அன்புடன்,
மீனா