பில்லில் பெயர் பிழைத்தால் ரிப்பெக்ஸ் பூசாதீர்கள்: வன்னி ஹார்ட்வெயார் முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரம் கடை வைத்திருக்கும் முதலாளிமாருக்கும், அந்தக் கடைகளில் பில் போடும் தம்பி தங்கைமாருக்கும், உங்கள் வர்த்தகர் சங்கங்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் சின்னச் சின்ன ஒப்பந்தகாரர்களுக்குக் கணக்குப் பார்க்கிறவன். நீங்கள் கொடுக்கும் வற் பில்கள் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் ஒரு ஷொப்பிங் பையில் கட்டாக என் மேசைக்கு வரும். அதில் ஈரம் பட்டது, சீமெந்துத் தூசி ஒட்டியது, லொறி டாஷ்போர்ட்டில் வெயில் குடித்து வெளிறியது எல்லாம் இருக்கும். அதையெல்லாம் சமாளிக்கலாம். வெள்ளை மை பூசித் திருத்தியதைத்தான் சமாளிக்க முடிவதில்லை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். என்னிடம் கணக்குக் கொடுக்கும் ஒப்பந்தகாரர் ஒருவர் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கட்டட வேலை எடுத்திருந்தார். செப்டெம்பர் 26ஆம் திகதி 100 பை சீமெந்து எடுத்தார். ஒரு பை 1,800 ரூபாய்ப்படி 180,000. அதற்கு 18 வீதம் வற் 32,400. மொத்தம் 212,400 ரூபாய். காசோலை அவருடைய கொம்பனிக் கணக்கிலிருந்து போனது. பில் மட்டும் அவருடைய சொந்தப் பெயருக்கு விழுந்துவிட்டது. முன்பு தனிப் பெயரில் தொழில் செய்தவர், பிறகுதான் கொம்பனி பதிந்தார். கடைக் கொம்பியூட்டரில் பழைய பெயரும் பழைய வற் இலக்கமும் அப்படியே இருந்தன. பில் போட்ட பிள்ளை பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்ததும் வந்ததைத் தெரிவுசெய்துவிட்டது. அந்தப் பிள்ளையில் பிழை சொல்ல முடியாது.

ஆள் ஒருவர்தானே, இதில் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். இறைவரிக்கு அவர் வேறு, கொம்பனி வேறு. அந்த 32,400 ரூபாயைத் தன் வற் கணக்கில் கழிக்க வேண்டியது கொம்பனி. அதன் பெயரும் இலக்கமும் இல்லாத பில்லை வைத்து அது கழிக்க முடியாது.

நான் பில்லைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த நாளே வந்தது. பெயருக்கு மேல் ரிப்பெக்ஸ், அதன் மேல் பேனையால் கொம்பனிப் பெயர், பக்கத்தில் கடை முத்திரை, ஒரு சுருக்கொப்பம். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் கடையில் இருக்கும் காபன் பிரதியில் பழைய பெயரே நிற்கிறது. கொம்பியூட்டரிலும் அதுவே. அதாவது 4417 என்ற ஒரே இலக்கத்தில் இரண்டு பேருக்கு இரண்டு பில். கடை தன் வற் அறிக்கையோடு கொடுக்கும் விற்பனை அட்டவணையில் 4417 பழைய வற் இலக்கத்துக்கு நேரே போகும். எங்கள் கொள்வனவு அட்டவணையில் அதே 4417 கொம்பனிக்கு நேரே போகும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அலுவலருக்கு இது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். இறைவரியின் கடிதம் முதலில் எங்களுக்கு வரும். அடுத்தது உங்களுக்கு.

வேறு சில கடைகளில் இன்னொரு வழக்கம் பார்த்திருக்கிறேன். கொம்பியூட்டரில் அந்தப் பில்லையே திறந்து, பெயரை மாற்றி, அதே இலக்கத்தில் திரும்ப அச்சடிப்பார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் முதல் அச்சடித்த தாள் எங்கோ ஒரு லொறியிலோ கோப்பிலோ இருக்கிறதே, அதை யார் அழிப்பது? கைக்குப் போன பில்லைத் திருத்தக்கூடாது. அதை இரத்துச் செய்யலாம். வேறு வழி இல்லை.

சரி, எப்படி இரத்துச் செய்வது? அந்தச் சீமெந்துப் பில்லையே எடுத்துக்கொள்வோம். அதை இரத்துச் செய்தது ஒக்டோபர் 14. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலாண்டுக்கான அறிக்கை ஒக்டோபர் 31க்குள் போக வேண்டும். கடை இன்னும் அனுப்பவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் மூலப் பில் கடைக்குத் திரும்பி வர வேண்டும். நாங்கள் ஒரு கடித உறைக்குள் போட்டுக் கிளிநொச்சியில் பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிட்டோம். அதோடு, என்ன பிழை, சரியான பெயர் என்ன, சரியான இலக்கம் என்ன என்று கொம்பனிக் கடிதத் தலைப்பில் நாலு வரி எழுதி, வற் பதிவுச் சான்றிதழின் பிரதியும் வைத்தோம். கடையில் மூலத்தையும் காபன் பிரதிகளையும் ஒன்றாகப் பிடித்து, எல்லாவற்றிலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, "இரத்து" என்று எழுதி, திகதியும் கையொப்பமும் இட்டு, பில் புத்தகத்தில் அதன் இடத்திலேயே குத்திவைத்தார்கள். கிழித்து எறியவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். 4416க்கு அடுத்தது 4418 என்றிருந்தால், நடுவில் உள்ளதைக் காட்டு என்றுதான் யாரும் கேட்பார்கள்.

கொம்பியூட்டரிலும் அப்படித்தான். உங்கள் மென்பொருளில் அழிப்பது ஒரு பொத்தான், இரத்துச் செய்வது இன்னொரு பொத்தான். அழித்தால் இலக்கமே காணாமல் போகும். இரத்துச் செய்தால் இலக்கம் நிற்கும், பெறுமதி பூச்சியமாகும், 100 பையும் இருப்புக்குத் திரும்பும். இந்தக் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். பழையதை இரத்துச் செய்யாமல் புதியதை மட்டும் போட்ட கடை ஒன்றில், இருப்பு இரண்டு தரம் குறைந்து, வருட முடிவில் எண்ணும்போது களஞ்சியத்தில் 100 பை கூடுதலாக நின்றது. களவு போனதென்றால் விளங்கும். சீமெந்து குட்டி போட்டதை யாருக்குச் சொல்வது! போதாததற்கு அந்தக் கடை ஒரே விற்பனைக்கு இரண்டு தரம் வரி காட்டியிருந்தது.

அடுத்தது புதிய பில். அதற்கு அடுத்த வெற்று இலக்கம், இங்கே 4502. பில் போட்ட திகதி ஒக்டோபர் 14. பொருள் வழங்கிய திகதி செப்டெம்பர் 26. இரண்டு திகதியும் தனித்தனியாக. கீழே ஒரு வரி: "26.09 திகதிய 4417ஆம் இலக்கப் பட்டியலுக்குப் பதிலாக. அது இரத்துச் செய்யப்பட்டது." இரத்தான பில்லிலும் "பார்க்க: 4502". அப்போதுதான் எந்தத் தாளை எடுத்தாலும் மற்றதுக்கு வழி தெரியும்.

திகதியில்தான் பல முதலாளிமார் சறுக்குகிறார்கள். பழைய திகதியையே போட்டுவிடு, காலாண்டு சரியாக வரும் என்பார்கள். 4501 ஒக்டோபர் 14இல் இருக்க, 4502 செப்டெம்பர் 26இல் இருந்தால், புத்தகத்தைப் புரட்டுகிறவர் அந்த இடத்தில் விரலை வைப்பார். பின் திகதி போட வேண்டிய தேவையும் இல்லை. சீமெந்து போனது செப்டெம்பரில். காகிதம் மாறியதால் உங்கள் வரி அடுத்த காலாண்டுக்கு நகராது. விற்பனை அட்டவணையில் 4417ஐ எடுத்துவிட்டு, அதே காலாண்டுக்குள் 4502ஐச் சரியான வற் இலக்கத்தோடு போட்டால் போதும்.

பிறகு காசு. இதை எல்லோரும் மறக்கிறார்கள். எங்கள் காசோலை பழைய பெயரின் கணக்கில் வரவாகிக் கிடந்தது. புதிய பில் கொம்பனியின் கணக்கில் கடனாக நின்றது. இரண்டு கிழமை கழித்துக் கடையிலிருந்து அழைப்பு: "அண்ணை, 212,400 இன்னும் வரேல்லை." அந்தக் காசோலையைப் பழைய பெயரிலிருந்து எடுத்துக் கொம்பனியின் பெயருக்கு மாற்றிப் பதியும்வரை இது ஓயவில்லை.

அறிக்கை ஏற்கெனவே போயிருந்தால் கதை வேறு. அப்போது பழைய பில் இறைவரியின் பதிவில் ஏறிவிட்டது. புத்தகத்தில் கோடு போடுவதால் அங்கே ஒன்றும் அழியாது. அந்த நிலையில் பழைய பெயருக்கு முழுத்தொகைக்கும் ஒரு வற் கிரெடிட் நோட் போட்டு, சரியான பெயருக்குப் புதிய பில் போட்டு, அனுப்பிய அட்டவணையையும் திருத்த வேண்டும். அதை எப்படிச் செய்வதென்று உங்கள் வரி ஆலோசகரோடும் இறைவரி அலுவலகத்தோடும் முதலே பேசிக்கொள்ளுங்கள். பிழையாகப் போட்ட வற் இலக்கம் வேறொருவருடைய உண்மையான இலக்கமாக இருந்தால், அவர் அதைக் கழித்துவிட்டாரா என்றும் பார்க்க வேண்டிவரும்.

இலக்கத்தைப் பற்றி ஒரு சொல். வற் இலக்கம் என்பது ஒன்பது இலக்க ரின் நம்பரும், கோடும், 7000உம். பலர் 7000 இல்லாமல் எழுதுகிறார்கள். சிலர் PV என்று தொடங்கும் கொம்பனிப் பதிவிலக்கத்தை அந்தப் பெட்டிக்குள் போடுகிறார்கள். அதைவிட மோசம் 63ஐ 36 என்று அடிப்பது. பார்த்தால் தெரியாது. தொலைபேசியில் கேட்டு எழுதும்போதுதான் இது நடக்கிறது. ஆகவே தொலைபேசியில் கேட்காதீர்கள். சான்றிதழை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்து அடியுங்கள்.

எங்கள் பக்கத்துக் குற்றமும் உண்டு. சில ஒப்பந்தகாரர் பில்லை எடுத்துப்போய், மாதக் கடைசியில் வந்து, "இதை மச்சானின் கொம்பனிக்கு மாத்தித் தாங்கோ" என்பார்கள். மச்சான் ஒரு பையும் வாங்கவில்லை. இது பிழை திருத்தம் அல்ல. வாங்காதவருக்கு வரிப் பில் கொடுப்பது. நெடுநாள் வாடிக்கையாளரென்று பார்க்காமல் மறுத்துவிடுங்கள். யாருடைய காசோலை, யாருடைய கட்டளை, பொருள் யாருடைய வேலைத்தளத்தில் இறங்கியது என்ற மூன்றும் ஒரு பெயரைக் காட்டினால் மட்டும் அந்தப் பெயருக்கு மாற்றுங்கள்.

சங்கங்களிடம் நான் கேட்பது இரண்டு. "இரத்து" என்று ஒரு இறப்பர் முத்திரை செய்து ஒவ்வொரு கடைக்கும் கொடுங்கள், திகதிக்கும் புதிய பில் இலக்கத்துக்கும் இடம் விட்டு. மற்றது, பில் போடும் பிள்ளைகளுக்கு, "சொந்தப் பெயருக்கா, கொம்பனிக்கா?" என்று பொருள் ஏற்றுவதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள். லொறி மாங்குளம் தாண்டின பிறகு கேட்டுப் பயனில்லை.

இந்தக் காலாண்டுப் பில்களில் பிழை இருப்பவற்றின் மூலத்தை இந்தக் கிழமையே அனுப்பிவைக்கிறோம். ரிப்பெக்ஸ் பூசி வந்த மூன்று பில்லும் அந்த உறைக்குள் இருக்கும்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து, உங்கள் பில்களைப் பதிகிறவன்