குழந்தையை விட்டார்கள், தாத்தாவைச் சேர்த்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடிசன மதிப்பீட்டில் பிறந்த பிள்ளையை விட்டுவிட்டு, இறந்த தாத்தாவைப் பதிந்தார்கள் என்று உப்புவெளியில் ஒரு குடும்பம் மனம் நொந்தது. உத்தியோகத்தர் செய்தது சரிதான்.

வீடு வீடாக எண்ணி முடிக்கப் பல நாள் ஆகும். அதற்குள் ஆட்கள் பிறப்பார்கள், இறப்பார்கள், வீடு மாறுவார்கள். அதனால் ஒரு நள்ளிரவு 12 மணியைக் குறித்து, அந்த நொடியில் உயிரோடிருந்தவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள். 12.20க்குப் பிறந்த பிள்ளை சேராது. அதிகாலை 3 மணிக்கு இறந்தவர் சேருவார். மறுநாள் மட்டக்களப்பிலிருந்து இங்கு குடிவந்தவர் அங்கேதான் சேருவார். இங்கும் எழுதினால் இரட்டைக் கணக்கு. அந்நேரம் கொழும்பு பஸ்ஸில் இருந்தவர் வழக்கமாக வசிக்கும் வீட்டில் சேருவார்.

எப்போது பிறந்தது, எப்போது இறந்தார் என்று உத்தியோகத்தர் கேட்கும்போது, ‘அன்று ராத்திரி’ என்ற பதிலில்தான் பிழை நுழைகிறது. மணியையும் சொல்லுங்கள்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை